முன்–பின் எண்கள் மட்டும் சாட்சி ஆகாது

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் லைனைச் சீரமைத்த பிறகு எழுதப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வாதத்தில் முடிகின்றன: "மெஷின் வரிசையை மாற்றினோம். முன்பு எஃபிஷியன்ஸி 45 சதவீதம், இப்போது 60. மாற்றம் பலித்துவிட்டது." எண்ணே பேசும்போது எதிர்க்கேள்வி எதற்கு என்று மேனேஜர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த வாதம் தவறு. அதன் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு லைனைக் கற்பனை செய்துகொள்வோம். 30 டெய்லர்கள், ஷிப்டுக்கு 480 நிமிடம். ஆக மொத்தம் 14,400 நிமிடம். ஒரு டி-ஷர்ட் தைக்க நிர்ணயித்த நேரம், அதாவது எஸ்.ஏ.எம்., 8 நிமிடம். முன்பு ஒரு நாளில் 810 பீஸ் வந்தது: 6,480 நிமிட வேலை, 45 சதவீதம். பின்பு 1,080 பீஸ்: 8,640 நிமிட வேலை, 60 சதவீதம்.

முதல் கூற்று: "கூடிய 270 பீஸும் மாற்றத்தால் வந்தவை."

புதிய ஸ்டைல் லைனில் ஏறிய முதல் சில நாட்கள் உற்பத்தி குறைவாகத்தான் இருக்கும். டெய்லரின் கை பழக வேண்டும். ஃபோல்டரும் நூல் இறுக்கமும் சரியாக அமைய வேண்டும். யாரும் எதையும் மாற்றாவிட்டாலும் நாள் ஆக ஆக எண்ணிக்கை ஏறும். அறிக்கையின் 'முன்பு' முதல் வாரமாகவும் 'பின்பு' நான்காம் வாரமாகவும் இருந்தால் அந்த ஏற்றமும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. பக்கத்து லைன் அதே ஸ்டைலை, எந்த மாற்றமும் இல்லாமல், அதே காலத்தில் 45-லிருந்து 54 சதவீதத்துக்குக் கொண்டுபோயிருந்தால், மாற்றத்தின் பங்கு 15 புள்ளி அல்ல, 6 புள்ளிதான். பீஸ் கணக்கில் 270 அல்ல, 108.

இரண்டாம் கூற்று: "சதவீதம் ஏறினால் உழைப்பின் பலன் ஏறியது என்றுதான் பொருள்."

சதவீதம் ஒரு வகுத்தல் கணக்கு. வகுக்கும் எண்ணையோ வகுபடும் எண்ணையோ தொட்டால் ஒரு தையல்கூடக் கூடாமலே விடை மாறும். மேற்சொன்ன லைனில் நேரத்தை மறுபடி அளந்து எஸ்.ஏ.எம்.-ஐ 8.8 ஆக்கினால், அதே 810 பீஸ் 49.5 சதவீதமாகிவிடும். சீரமைப்பின்போது பண்டில் எடுத்துக் கொடுக்க மூன்று ஹெல்பர்களைச் சேர்த்து, கணக்கில் மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தால், 60 என்று காட்டிய எண் உண்மையில் 54.5. செக்கிங்கில் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பிய பீஸையும் உற்பத்தியாக எண்ணினால் மயக்கம் இன்னும் கூடும். ஆகவே எஸ்.ஏ.எம்., ஆள் எண்ணிக்கை, திரும்பிய பீஸ் ஆகிய மூன்றும் இரு காலத்துக்கும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் கூற்று: "ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒப்பிடுவதற்கென்று லைனை ஒதுக்க முடியாது."

ஒதுக்கவே தேவையில்லை. எந்த மாற்றமும் எல்லா லைனுக்கும் ஒரே நாளில் போவதில்லை. தன் முறைக்காகக் காத்திருக்கும் லைன்தான் ஒப்பீட்டு லைன். அந்த முறையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். நல்ல சூப்பர்வைசர் உள்ள லைனிலேயே முதலில் தொடங்கினால் அவர் திறமையும் மாற்றத்தின் பெயரில் எழுதப்பட்டுவிடும்.

நிஜத் தொழிற்சாலைகளிலிருந்து ஓர் உதாரணம்: பெங்களூரைச் சுற்றியுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் எல்.இ.டி. விளக்குக்கு மாறியதைப் பொருளாதார ஆய்வாளர்கள் அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நியஷாதம் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். லைன் வாரியான தினசரி உற்பத்தியை வானிலைத் தரவோடு இணைத்துப் பார்த்தார்கள். வெப்பம் ஏறும்போது உற்பத்தி குறைவதும், குறைந்த வெப்பம் உமிழும் இந்த விளக்குகள் வெப்பமான நாட்களில் உற்பத்தியை உயர்த்துவதும் தெரிந்தன. சராசரியாக ஒரு தொழிற்சாலைக்கு மின்சாரத்தில் சுமார் 2,880 டாலர் மிச்சம். உற்பத்தியில் சுமார் 7,500 டாலர் ஆதாயம். வெறும் முன்–பின் சராசரியில் வெப்பத்தின் இந்தப் பங்கு பிடிபட்டிருக்காது. ஏப்ரல் வெயிலில் விளக்கை மாற்றி ஜூலையோடு ஒப்பிட்டால், பருவம் தந்த குளிர்ச்சியையும் விளக்கின் கணக்கில் எழுதிவிடுவோம்.

நான்காம் கூற்று: "எண் கொஞ்சம் மிகையாக இருந்தால் யாருக்கு நட்டம்?"

தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நட்டம். அந்த 60 சதவீதம் அடுத்த ஸ்டைலுக்கு முதல் நாளிலிருந்தே டார்கெட் ஆகிறது. கை பழகுவதற்கான நாட்கள் மறுக்கப்படுகின்றன; எட்டாத எண்ணுக்காக டெய்லர் திட்டு வாங்குகிறார். பலன் தராத மாற்றத்தை மற்ற லைன்களுக்கும் பரப்பி நிர்வாகமும் பணத்தை இழக்கிறது.

முன்–பின் தரவைச் சேகரிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதனுடன் மாற்றம் தொடாத ஒரு லைனின் அதே நாட்களின் எண்களையும் வையுங்கள். அந்த எண்கள் இல்லாத அறிக்கையில் தொழிற்சாலை நிர்வாகிகள் கையெழுத்திடக் கூடாது.