திரையில் 60 kW; காருக்குக் கிடைப்பது எவ்வளவு?

படத்தில் இருப்பது, ஒரு சார்ஜிங் நிலையத்தின் ஆப் திரை. அதில் இரண்டு வரிகள்: CCS2 – 60 kW, Type 2 – 7.4 kW.

CCS2 என்பது கீழே இரண்டு தடித்த முனைகள் உள்ள பெரிய பிளக். டி.சி. மின்சாரம் நேராக பேட்டரிக்குப் போவதால் வேகமாக ஏறும். Type 2-வில் வருவது ஏ.சி. மின்சாரம். காருக்குள் இருக்கும் சிறிய சார்ஜர் அதை மாற்றித் தர வேண்டும் என்பதால், மணிக்கணக்கில் ஆகும்.

60 kW என்பது அந்த சார்ஜர் தரக்கூடிய உச்ச வேகம். எவ்வளவு வாங்குவது என்பதைக் கார்தான் முடிவு செய்யும். 30 kWh பேட்டரி உள்ள காரை 20 சதவிகிதத்திலிருந்து 80 வரை ஏற்ற 18 kWh, அதாவது 18 யூனிட் வேண்டும். 60 kW-இல் 18 நிமிடம் போதும் என்று தோன்றும். அந்தக் கார் அதிகபட்சம் 30 kW-தான் வாங்கும் என்றால், குறைந்தது 36 நிமிடம் ஆகும். 80-ஐத் தாண்டினால் வேகம் இன்னும் குறையும். அது கோளாறு அல்ல.

பணம் யூனிட் கணக்கில்தான். யூனிட் 20 ரூபாய், வரி தனி என்று திரையில் இருந்தால், 18 யூனிட்டுக்கு 360 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 424.80 ரூபாய். அந்தத் தொகையை முதலில் வாலட்டில் போடுங்கள். பிளக்கைச் செருகுங்கள். அதில் ஒட்டியிருக்கும் எண்ணையே திரையில் தேர்ந்தெடுத்து Start கொடுங்கள். kWh எண் ஏறத் தொடங்கிய பிறகு நகருங்கள். முடிந்ததும் Stop கொடுத்தால்தான் பிளக்கின் பூட்டு விடும், இழுக்க வேண்டாம்.