யார் அதிகம் பேசுகிறார்கள்?

"பெண்கள் நாளுக்கு 20,000 சொற்கள் பேசுவார்கள், ஆண்கள் 7,000தான்." நானும் வானொலியில் சொல்லிச் சிரித்த வரி இது. அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில் மத்தியாஸ் மேல் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்கா, மெக்சிகோ மாணவர்கள் 396 பேர் சிறு ஒலிப்பதிவுக் கருவியுடன் நடமாடினார்கள். பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை அது 30 விநாடி பதிவு செய்யும். எப்போது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தத் துணுக்குகளை வைத்துக் கணித்த நாள் சராசரி: பெண்கள் 16,215 சொற்கள், ஆண்கள் 15,669. இந்தச் சிறு இடைவெளி தற்செயலாகவும் வரலாம்.

ஆனால் அவர்கள் எல்லாருமே மாணவர்கள். 2025-இல் வந்த பெரிய ஆய்வில், 25 முதல் 64 வயதுப் பெண்கள் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசினார்கள். மற்ற வயதினரிடம் தெளிவான வேறுபாடில்லை. பிறவிக் குணமென்றால் வயதுக்கு வயது மாறுமா?