முடி கொட்டினால் முதலில் கேட்க வேண்டியவை

எண்ணெயை மாற்றுகிறோம், ஷாம்புவை மாற்றுகிறோம். ஆனாலும் சீப்பு நிறைய முடி வருகிறது. பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு, பாமசியில் விற்றமின் குளிசை வாங்குகிறோம். அதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது, என்ன சாப்பிடுகிறோம்? விற்றமின் பி12 மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான் கிடைக்கும். கீரையிலோ பருப்பிலோ கிடைக்காது. கல்முனையில் நாளாந்தம் மீன் சமைக்கும் வீடுகளில் உணவால் இக்குறை வருவது அரிது. திருக்கோவிலில் காலமெல்லாம் சைவ உணவு உண்டு, பாலும் தயிரும்கூடக் குறைவாக எடுக்கும் தோழியர்தான் கவனிக்க வேண்டும். ஒரு மாத விரதத்தால் அது தீர்ந்துவிடாது. ஈரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு உண்டு. கைகால் விறைப்பும் நாக்கு எரிவும் சேர்ந்து வந்தால் பி12 பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, வெயில் படுகிறதா? கடற்கரை ஊரில் விற்றமின் டி குறையுமா என்று நினைப்போம். டில்லியும் வெயில் ஊர்தான். அங்கு நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வெளியில் பயிற்சி செய்யும் படைவீரர்களைவிட, மருத்துவமனைக்குள் வேலை செய்யும் வைத்தியர்களிடமும் தாதியரிடமும் விற்றமின் டி மிகக் குறைவாக இருந்தது. வெயில் ஊருக்கு அடித்தால் போதாது, தோலில் பட வேண்டும். யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது. காலையில் பாடசாலை, மாலையில் ரியூசன், வெளியே போனால் முழு உடை என்று வாழும் நமக்கும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் அக்காமாருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, மூன்று மாதங்களுக்கு முன் என்ன நடந்தது? ஒரு மாணவிக்கு ஜனவரியில் டெங்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலில் வளர்ச்சியை நிறுத்திய முடிகள் மார்ச், ஏப்ரலில்தான் கொட்டும். அவள் அப்போது குடிக்கும் குளிசையைக் குற்றம் சொல்வதிலும் புகழ்வதிலும் பயனில்லை. சில மாதங்களில் முடி தானாகவே வளரும்.

இந்த விற்றமின்கள் குறைந்தவர்களிடம் முடி கொட்டுவது கூடுதலாகக் காணப்பட்டாலும், அதுதான் காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. நம் வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் பெரிய சந்தேகத்துக்குரியது. சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் அதைக் கூட்டும். ஆகவே வைத்தியரிடம் கேட்டு இரும்புச் சேமிப்பு, பி12, விற்றமின் டி மூன்றையும் குருதியில் பார்ப்பதே முறை. பார்க்காமல் போலிக் அமிலம் மட்டும் குடித்தால் பி12 குறைவின் சோகை மறைந்துவிடும். நரம்புப் பாதிப்போ தொடரும். விற்றமின் டி அளவு மீறினால் குருதியில் கல்சியம் கூடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் தோல் விற்றமின் டியை நன்றாக உருவாக்கும். வேலி அடைத்த வளவுக்குள், கையும் காலும் வெயில் பட, வாரத்தில் சில நாட்கள் பதினைந்து நிமிடமாவது பிள்ளைகளை இருக்க விடுங்கள். கறுத்துப் போவாய் என்று உள்ளே கூப்பிடாதீர்கள்.