கைவிட்ட தணிக்கைகளின் பட்டியலை யாராவது கேட்டீர்களா?

பெரிய நிறுவனங்களில் உள் தணிக்கை என்று ஒரு துறை இருக்கும். வருடக் கடைசியில் வெளியிலிருந்து வந்து கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் சம்பளப் பட்டியலிலேயே இருந்துகொண்டு, கொள்முதல் ஒழுங்காக நடக்கிறதா, கிடங்கில் சரக்கு இருக்கிறதா, செலவு சரியான தலைப்பில் ஏறுகிறதா என்று வருடம் முழுக்கப் பார்ப்பவர்கள். சரி, இவர்கள் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்ப்பது? அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் வெளித் தர மதிப்பீடு. அமெரிக்காவில் 1941-ல் தொடங்கிய உள் தணிக்கையாளர் கழகம் (ஐ.ஐ.ஏ.) வகுத்த விதிப்படி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியாள் ஒருவர் வந்து இந்தத் துறையைச் சோதிக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் நடப்பது இதுதான். மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடிப்பது தலைமை உள் தணிக்கையாளர். கட்டணம் பேசுவது அவர். எந்தெந்த மேலாளர்களிடம் பேசலாம் என்று பட்டியல் தருவது அவர். "இந்த ஃபைல்களைப் பாருங்கள்" என்று எடுத்து வைப்பது அவருடைய ஆட்கள். பரீட்சை எழுதுபவரே கண்காணிப்பாளரையும் நியமித்து, வினாத்தாளிலும் கொஞ்சம் யோசனை சொன்னால் தேர்ச்சி விகிதம் எப்படி இருக்கும்? "தரநிலைகளுக்கு இணங்க இயங்குகிறது" என்று ஒரு ரிப்போர்ட் வரும். அடுத்த ஐந்து வருடத்துக்கு எல்லா அறிக்கையின் அடியிலும் அந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம்.

மதிப்பீட்டாளர் எதைப் பார்க்கிறார்? முன்கூட்டியே சில காகிதங்களைக் கேட்டு வாங்குகிறார். துறையின் அதிகார சாசனம், வருடத் திட்டம், ஆட்களின் தகுதி, ஆடிட் கமிட்டிக் கூட்டக் குறிப்புகள். பிறகு நேரில் வந்து கமிட்டித் தலைவர், தலைமை நிர்வாகி, நிதித் தலைவர், வெளி ஆடிட்டர் என்று ஒவ்வொருவரிடமும் பேசுகிறார். முடிந்துபோன தணிக்கைகளில் சிலவற்றை எடுத்து, முதல் தாளிலிருந்து கடைசி ரிப்போர்ட் வரை புரட்டுகிறார். இதில் எதுவும் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், இவை எல்லாமே *நடந்த* வேலைகளின் தடயங்கள். நடக்காமல் போனதைப் பற்றி இவை தானாக வாய் திறக்காது.

இது ஏன் முக்கியம் என்று புரிய வோர்ல்ட்காம் கதையைப் பார்த்தால் போதும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் தலைமையகம் வைத்திருந்த மிகப் பெரிய தொலைபேசி நிறுவனம். மற்ற நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த வாடகையை, அந்த வருடச் செலவாகக் காட்டாமல் சொத்து என்று எழுதி வைத்தார்கள். செலவு குறைந்தால் லாபம் ஏறுமல்லவா? 2002 ஜூன் 25 அன்று நிறுவனமே வெளியில் சொன்னபோது தொகை 380 கோடி டாலர். பிறகு தோண்டத் தோண்ட அது 1,000 கோடியைத் தாண்டியது. கண்டுபிடித்தது வெளி ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் அல்ல. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள் தணிக்கைத் துறை.

இந்தக் கதையை வீரக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துறை எப்படி அமைந்திருந்தது என்று பாருங்கள். நிர்வாக ரீதியில் கூப்பருக்கு மேலதிகாரி நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன். அதாவது, அந்தக் கள்ளக் கணக்குக்காகப் பின்னால் சிறை போன அதே ஆள்! துறையின் வேலை பெரும்பாலும் செயல்பாட்டுத் தணிக்கை, அதாவது எங்கே பணம் மிச்சம் பிடிக்கலாம் என்பது மாதிரி. நிதிக் கணக்குப் பக்கம் வெளி ஆடிட்டரின் பொறுப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2002-ல் இவர்களாகவே மூலதனச் செலவுகளைப் பார்க்க ஆரம்பித்தபோது, இப்போது வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்று சல்லிவன் கேட்டார். கூப்பர் தள்ளிப்போடாமல் ஆடிட் கமிட்டித் தலைவரிடம் போனார்.

இனி ஒரு கற்பனை. அதற்கு ஒரு வருடம் முன்பு ஒரு மதிப்பீட்டாளர் அங்கே போயிருக்கிறார் என்று வையுங்கள். (ஐந்து வருட விதி 2002 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது, முதல் மதிப்பீட்டை முடிக்க 2007 வரை கெடு இருந்தது. அதனால் இது கற்பனையேதான்.) அவர் பத்து ஃபைல்களை எடுத்துப் படித்திருந்தால் பத்தும் சுத்தமாக இருந்திருக்கலாம். ஆட்கள் திறமைசாலிகள் என்பதைப் பின்னால் நடந்ததே நிரூபித்துவிட்டது. ஃபைலில் இல்லாத ஒன்றுதான் பிரச்சினை: நிதிக் கணக்குப் பக்கம் ஏன் யாருமே போகவில்லை, போக வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காத மதிப்பீட்டாளர் "இணங்குகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருப்பார்.

ஆகவே மதிப்பீட்டாளர் முதலில் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. திட்டத்தில் இருந்து, கடைசியில் செய்யப்படாமல் போன தணிக்கைகளின் பட்டியல்.

ஒரு தொழிற்சாலை நிறுவனத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். வருட ஆரம்பத்தில் 40 தணிக்கைகளுக்குத் திட்டம். கமிட்டி ஒப்புதல் கொடுத்தது. வருடக் கடைசியில் 31 முடிந்தது. கமிட்டிக்குப் போன காகிதத்தில் "திட்டத்தில் 78 சதவீதம் நிறைவு, ஆள் பற்றாக்குறை" என்று ஒரே வரி. பார்ப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். இப்போது அந்த விடுபட்ட 9 என்னென்ன என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். அதில் 5 ஒரே இயக்குநரின் கீழ் வரும் கொள்முதல், ஒப்பந்ததாரர் பில் சம்பந்தப்பட்டவை என்று வந்தால்? ஆள் பற்றாக்குறை என்பது அவ்வளவு குறி பார்த்து அடிக்குமா? போன வருடப் பட்டியலையும் எடுத்தால், அந்த 5-ல் 3 அப்போதும் "அடுத்த வருடம்" என்று தள்ளப்பட்டவை என்று தெரியவரும்போது விஷயம் வேறு ஆகிவிடுகிறது.

இதோடு குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்து கமிட்டிக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். திட்டத்தில் முக்கியமான மாற்றம் வந்தால் அதைக் கமிட்டியோடு பேச வேண்டும் என்பது தரநிலை. பெயர் சொல்லிப் பேசி, காரணம் கேட்டு, சரி என்று பதிவு செய்திருந்தால் அது கமிட்டியின் முடிவு. பேசவே இல்லை, சதவீதம் மட்டும் போனது என்றால், அந்த 9 தணிக்கைகளைத் தள்ளும் அதிகாரம் நடைமுறையில் வேறு யாரிடமோ இருக்கிறது. சுதந்திரம் சாசனத்தில் எழுதியிருக்கிறதா என்பதைவிட, இங்கேதான் அது தெரியும்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது வரைவு ரிப்போர்ட்டுகள். கடைசி ரிப்போர்ட் எல்லோருக்கும் காட்டுவதற்காக அலங்கரித்த பெண் மாதிரி. வரைவில் "உயர் ஆபத்து" என்று இருந்தது கடைசியில் "நடுத்தரம்" ஆகியிருந்தால், நடுவில் என்ன வந்தது? மேலாளர் புது ஆதாரம் கொண்டுவந்து, அது ஃபைலில் இருந்தால் மாற்றம் நியாயம்தான். தணிக்கையாளர்கள் தப்பே செய்யாதவர்களா என்ன! ஆதாரம் எதுவும் இல்லாமல் ஒரு போன் காலுக்குப் பிறகு சொல் மட்டும் மாறியிருந்தால், மதிப்பீட்டாளர் அங்கே நின்றுவிட வேண்டும்.

தேதிகளும் நன்றாகவே பேசும். இப்போது பெரும்பாலும் மென்பொருளில்தான் ஃபைல்கள். மேற்பார்வையாளர் எப்போது பார்த்து ஒப்புதல் கொடுத்தார் என்று அதில் பதிவாகிவிடும். மார்ச்சில் வெளியான ரிப்போர்ட்டின் வேலைத்தாள்களுக்கு நவம்பரில் ஒப்புதல், அதுவும் மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய வாரம், அதுவும் 20 ஃபைல்களுக்கு இரண்டே நாளில் என்றால், மேற்பார்வை நடக்கவில்லை, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும். "மதிப்பீட்டாளர் மோசடி பிடிக்க வரவில்லை, தரநிலைக்கு இணங்குகிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்." உண்மைதான், மோசடி பிடிக்க வேண்டாம். விடுபட்ட 9-ஐயும் அவர் போய்த் தணிக்கை செய்ய வேண்டாம். ஏன் விட்டார்கள் என்று கேட்பது தரநிலைக்குள்தான் வருகிறது. கேட்காமல் இருப்பதுதான் வெளியே.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்றும் உண்டு. துறையே தன்னை மதிப்பிட்டுக்கொள்ளும். வெளியாள் ஒருவர் வந்து அந்த மதிப்பீட்டைச் சரிபார்த்தால் போதும். விதி இதை அனுமதிக்கிறது. மூன்று பேர் மட்டும் உள்ள சின்னத் துறைக்கு முழு மதிப்பீட்டின் செலவு தாங்காது என்ற வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் வங்கி எதற்காக இந்த வழியில் போக வேண்டும்? சரிபார்க்க வருபவர் முன்னால் இருப்பது ஏற்கெனவே எழுதி முடித்த விடைத்தாள். எழுதாமல் விட்ட பக்கத்தைத் தேடுவதற்கு அவருக்குக் கொடுத்திருக்கும் சில நாட்கள் போதாது.

யார் வரலாம் என்பதில் விதி ஓரளவு கறாராகவே இருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று மாற்றி மாற்றி மதிப்பிட்டுக்கொள்ள முடியாது. தாய் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தால் செல்லாது. குழுவில் ஒருவருக்காவது சி.ஐ.ஏ. பட்டம் வேண்டும் (உளவுத்துறை அல்ல, சர்டிஃபைடு இன்டர்னல் ஆடிட்டர்!). 2025 ஜனவரி 9 முதல் நடைமுறைக்கு வந்த புதிய உலகளாவிய தரநிலைகளில் இன்னும் இரண்டு நல்ல மாற்றங்கள். மதிப்பீட்டுக்கான திட்டத்தை இயக்குநர் குழு பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். முழு முடிவுகளும் மதிப்பீட்டாளரிடமிருந்து நேரடியாக இயக்குநர் குழுவுக்கு வர வேண்டும், நடுவில் தலைமைத் தணிக்கையாளர் சுருக்கித் தருவது கிடையாது.

ரிப்போர்ட் போகும் வழியைச் சரி செய்துவிட்டார்கள். அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை இயக்குநர் குழு அந்த ஒப்புதல் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடலாம். மூன்று வருடத்தில் கைவிட்ட தணிக்கைகள் ஒவ்வொன்றும் பெயரோடு வர வேண்டும். ஆபத்து அளவு குறைந்த ரிப்போர்ட்டுகளின் வரைவுகளை மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும், ஃபைல்களையும் பேச வேண்டிய ஆட்களையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், கமிட்டித் தலைவரோடு அவர் பேசும்போது தலைமைத் தணிக்கையாளர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். இதற்குக் கூடுதலாகக் கேட்பது அதிகம் போனால் இரண்டு நாள் கட்டணம்.