ரீ சேர்ட் வேண்டாம், மத்தியானத்தில ஒரு மணித்தியாலம் தாங்கோ

கம்பஸ் மூடிக் கிடந்த மாதங்களில் யாழ் நகரத்தில் ஒரு சின்னக் கந்தோரில் வேலை செய்தேன். கணக்கெழுதிக் கொடுப்பது, படிவம் நிரப்புவது, மொழிபெயர்ப்பது. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருநாள் முகாமையாளர் சேர் எல்லாரையும் கூப்பிட்டு, "ஸ்டாஃபின்ர மனநலத்துக்கு ஒரு நாள் செய்யப்போறம்" என்றார். சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை யோகா, பிறகு ஒரு பேச்சாளர். ஆளுக்கொரு ரீ சேர்ட், பனர், சாப்பாட்டுப் பார்சல். பில்லுகளைப் பதிந்தது நான்தான். நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வந்தது ஐந்து பேர். சேர், சேரின் மருமகன், பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற இரண்டு பொடியள், பில்லுகளைப் பதியவேண்டும் என்பதால் நான். அந்த இரண்டு பொடியளும் விடிய எழும்பி ஜிம்முக்குப் போகிறவர்கள். திங்கட்கிழமை சேர் சொன்னார்: "இவையளுக்கு என்ன செய்து குடுத்தாலும் வரமாட்டினம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது இந்த வசனத்தில்தான்.

எங்கட சட்டப்படி கடை, அலுவலக ஊழியருக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. சனி ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் அந்த அரைநாள் தொடங்குகிறது. சேர் நலன் பார்க்க எடுத்தது அந்த அரை நாளைத்தான். முன்மேசையில் இருக்கிற அக்கா வட்டுக்கோட்டையிலிருந்து வருகிறவ. வீட்டில் படுக்கையில் தாய். சனி பின்னேரம்தான் அவ தாயைக் குளிப்பாட்டி, உடுப்புத் தோய்த்து, சந்தைக்குப் போகிற நேரம். அவ யோகாவுக்கு வரவில்லை என்பது சோம்பல் இல்லை, கணக்கு.

இது எங்கட ஊரில் மட்டும் நடக்கிற பம்பலும் இல்லை. அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் நலத்திட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் கனபேர் ஏற்கெனவே சுகதேகிகள். மருத்துவச் செலவு சொல்லும்படி குறையவில்லை. 2024இல் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் பிரித்தானியாவில் 46,336 ஊழியர்களின் பதில்களை ஒப்பிட்டார். தியானச் செயலி, மனஅழுத்தப் பயிற்சி மாதிரியானவற்றில் பங்கெடுத்தவர்கள், பங்கெடுக்காதவர்களைவிட நல்லாய் இருந்ததாகத் தெரியவில்லை. தனி ஆளைத் திருத்துகிறதைவிட வேலையைத் திருத்துங்கோ என்பதுதான் அவரின் வாதம்.

சரி, பன்னிரண்டு பேர் இருக்கிற கந்தோரில் வேலையைத் திருத்துவது என்றால் என்ன? பெரிய கதை ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கலாம்.

எங்கட வேலைநேரம் எட்டரையிலிருந்து ஐந்துவரை, சனி ஒரு மணிவரை. நியமனக் கடிதத்தில் மதிய இடைவேளை ஒரு மணித்தியாலம். அதைக் கழித்தால் கிழமைக்கு 42 மணித்தியாலம். கழிக்காவிட்டால் 47. சட்டம் சொல்கிற சாதாரண வேலைநேரம் 45. உண்மையில் நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம்? மேசையிலேயே, கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் பார்சலை விரித்து, பத்து நிமிசத்தில். முன்மேசை அக்கா இடதுகையில் ரிசீவரும் வலதுகையில் சோறுமாய். யாரும் "சாப்பிடாதே" என்று சொல்லவில்லை. போன் அடித்தது, அவ்வளவுதான்.

யோகா நாளுக்குப் பிறகு நானும் அக்காவும் சேரிட்டப் போனோம். முதலில் என்ன வேண்டும் என்று எல்லாரையும் கேட்கச் சொன்னோம். அவர் "யோசனைப் பெட்டி" வைக்கிறேன் என்றார். பன்னிரண்டு பேரில் யாருடைய கையெழுத்து யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், யார் எழுதுவான்? அதனால் நான் சின்னத் துண்டுகள் பிரிண்ட் எடுத்தேன், ஐந்து தெரிவு, புள்ளடி மட்டும். பிளேன் ரீ ஊற்றுகிற அண்ணை சேர்த்து எடுத்தார். யோகா என்ற தெரிவும் இருந்தது, ஒரு புள்ளடி. போன் இல்லாத மதியச் சாப்பாட்டுக்கு ஒன்பது.

செய்தது இவ்வளவுதான். ஸ்டோரில் கிடந்த பழைய மேசையை வெளியில் எடுத்தோம். ஆறு ஆறு பேராய் இரண்டு முறை, பன்னிரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு. முதல் முறை சாப்பிடும்போது இரண்டாம் முறையில் ஒருவர் முன்மேசையில். செலவு ஒரு கேத்தலும் மேசை விரிப்பும்.

முதல் கிழமை படுத்துவிட்டது. காரணம் சேர்தான். ஃபைலோடு சாப்பாட்டு மேசைக்கே வந்து, "ஒரு நிமிசம், இதை மட்டும் பாருங்கோ" என்பார். அதைவிட, ஆக்கள் போனைக் கையோடு கொண்டுவந்தார்கள், வாடிக்கையாளர்கள் நேராய் அவர்களின் நம்பருக்கு எடுப்பதால். இரண்டாம் கிழமையிலிருந்து அந்த நேரத்துக் கோல் எல்லாம் முன்மேசை நம்பருக்குத் திருப்பப்பட்டது. எடுத்தவர் கொப்பியில் பெயரும் விசயமும் எழுதுவார். அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சாப்பாட்டு நேரத்தில் வந்த கோல்களில் உடனே பதில் வேண்டியது எத்தனை சொற்பம் என்று. சேருக்கு நான் சொன்ன எதையும்விட அந்தக் கொப்பிதான் விளங்கியது.

இது வேலை செய்கிறதா என்று பார்க்க வருகைப் பதிவு தேவையில்லை. சேர் கொழும்புக்குப் போன நாட்களில் மேசை நிரம்புதா, வெறுமையாய்க் கிடக்குதா என்று பாருங்கோ. முகாமையாளர் நிற்கும்போது மட்டும் ஆக்கள் வந்தால் அது இன்னொரு கூட்டம். ஐந்து மணிக்குப் பிறகு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் பாருங்கோ. வேலை அளவுக்குமேல் கிடந்தால், மதியம் கொடுத்த மணித்தியாலம் பின்னேரத்தில் போய் நிற்கும். எங்களுக்கு வரி மாதத்தில் அப்படித்தான் ஆனது. அதற்கு மேசையும் கேத்தலும் மருந்தில்லை, ஆள்தான் வேண்டும். சம்பளம் காணாது என்பதற்கும் இது மருந்தில்லை. அதை மறைக்கிறதுக்கு இதைக் காட்டினால் நானே மேசையைத் திரும்ப ஸ்டோருக்குள் தள்ளுவேன்.

இரண்டாவதாய் வந்தது பஸ். மூன்று பேர் எட்டு மணிக்கே வந்து நாலரைக்குப் போகக் கேட்டார்கள். ஒரு சதம் செலவில்லை, அதே மணித்தியாலம். அது ஓடுது, நாலு இருபத்தைந்துக்கு "அவசரம்" என்று ஒரு கடதாசி வராத நாட்களில்.

தோற்றது வாட்ஸ்அப். இரவு மெசேஜ் போடுவதில்லை, அவசரமென்றால் மட்டும் என்று சேர் ஒத்துக்கொண்டார். பிறகு எல்லாமே அவசரமாயிற்று, ஒன்பதரைக்கு வொய்ஸ் மெசேஜ். என்னைக் கேட்டால் விதியை மாற்றவேண்டும்: ஐந்தரைக்குப் பிறகு மெசேஜே இல்லை, தேவையென்றால் கோல் எடுக்கட்டும். இரவு ஒருத்தரின் வீட்டுக்குக் கோல் எடுக்க யாருக்கும் கொஞ்சம் வெட்கம் வரும், "நாளைக்குப் பார்ப்பம்" என்று வைத்துவிடுவார்கள். வொய்ஸ் மெசேஜ் போட அந்த வெட்கம் வராது. இதைச் சொல்ல முன்னம் கம்பஸ் திறந்துவிட்டது.

போன கிழமை பஸ் ஸ்டாண்டில் அக்காவைக் கண்டேன். மேசை இன்னும் இருக்காம். இரண்டாம் முறைக்காரர் கறி மாறிச் சாப்பிடத் தொடங்கியிருக்கினமாம், சேரும் சிலநாள் கதிரை இழுத்துக்கொண்டு வாறாராம், ஃபைல் இல்லாமல். ரீ சேர்ட் எங்கையக்கா என்று கேட்டேன்.

"அதோ? தம்பியின்ர சைக்கிள் துடைக்க எடுத்தாச்சு."