மௌனத்துக்கு முன்பே கெடு வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆய்வேடு முடிக்காத மாணவர்களைச் சோம்பேறிகள் என்ற உங்கள் கட்டுரையை ஏற்க முடியவில்லை. மூணாறு பக்கம் தோட்டத் தொழிலாளர் பேச்சுவழக்கை ஆய்ந்த என் மாணவி திடீரென்று போன் எடுப்பதை நிறுத்தினாள். காரணம் சோம்பல் இல்லை. மணிக்கணக்கில் பேச்சைப் பதிவு செய்துவிட்டாள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே முழுநாள் பிடிக்கும் (ஏலக்காய்க் காட்டு இரைச்சலில் இன்னும் கூடும்). 'இயல் எங்கே?' என்று கேட்காமல், 'முதல் பத்து நிமிடத்தை மட்டும் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டு வாம்மா' என்று செய்தி அனுப்பினேன். வந்தாள். தலைப்பை உறவுமுறைச் சொற்கள் அளவுக்குச் சுருக்கினோம். பிழைதிருத்தத்தைக் கடைசிக்குத் தள்ளி, வாதத்துக்கு மட்டும் குறிப்பு எழுதினேன்.

மார்ச்சில் ஒரே கெடு வைக்காமல், தரவு சேர்ப்பு, எழுத்தாக்கம், முதல் இயல் என்று தனித்தனிக் கெடுக்களைத் துறைகள் வைக்கட்டும். இரு வாரம் பதில் இல்லையென்றால் வகுப்பாசிரியர் வீட்டாரிடம் பேசட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர், பாலக்காடு