படி பூஜைக்குப் பின் வரும் சி.கே. எண்

அலிபிரியிலிருந்து திருமலை ஏறும் நடைபாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உண்டு. வெறுமனே ஏறுபவர்களைவிட, ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே போகிறவர்கள்தான் இரண்டு மூன்று நாள் கழித்து நம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள். ஏறும் வேலையோடு, படிக்கொருமுறை குந்தி எழுவதும் சேர்ந்துகொள்கிறது. குந்தும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருக்கிறது. தசை நாரை மிகவும் கிழிப்பது இந்த வகைச் சுருக்கம்தான். மலையிலிருந்து படியிலேயே இறங்கி வருபவர்களுக்கு ஏறுபவர்களைவிடத் தொடைவலி அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

கற்பனையாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். சித்தூர் பக்கத்து 42 வயதுப் பெண், சர்க்கரைக்காகச் சிகிச்சையில் இருப்பவர், அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எடுப்பவர். சனிக்கிழமை படி பூஜை முடித்தார். செவ்வாய் காலையில் தொடை வீங்கி, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று வருகிறார். சி.கே. 18,400. எஸ்.ஜி.ஓ.டி. 310, எஸ்.ஜி.பி.டி. 95. கிரியேட்டினின் 0.8, பொட்டாசியம் 4.2. சிறுநீர் மஞ்சள் நிறம், டிப்ஸ்டிக்கில் ரத்தம் இல்லை.

இந்தச் சீட்டைப் பார்த்ததும் பலர் செய்வது மூன்று. கல்லீரல் கெட்டுவிட்டது என்று ஸ்டாட்டினை நிரந்தரமாக நிறுத்துவார்கள், ஹெபடைடிஸ் பரிசோதனைகள் எழுதுவார்கள், சலைன் ஏற்றப் படுக்கையில் சேர்ப்பார்கள். மூன்றுமே அவசரப்பட்ட செயல்கள். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலும் இருக்கின்றன. தசை கிழியும்போது எஸ்.ஜி.ஓ.டி. முன்னால் ஏறுகிறது. ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் இயல்பாக இருந்தால் கல்லீரலைத் தேட வேண்டியதில்லை.

18,400 என்ற எண் எவ்வளவு பயமுறுத்த வேண்டும்? 2006-இல் பிரிசில்லா கிளார்க்சன் குழு வெளியிட்ட ஆய்வில், 203 ஆரோக்கியமான தன்னார்வலர்களை முழங்கை மடக்கும் தசையால் மட்டும் 50 முறை முழு பலத்தோடு நீட்டுச் சுருக்கப் பயிற்சி செய்ய வைத்தார்கள். நான்காம் நாளில் 111 பேருக்கு 2,000-ஐத் தாண்டியது. 51 பேருக்கு 10,000-ஐத் தாண்டியது. ஒருவருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்படவில்லை. ஒரு கைத் தசைக்கே இந்த எண் என்றால், இரண்டு தொடைகளும் ஆயிரக்கணக்கான முறை குந்தியதற்கு 18,400 வியப்பில்லை.

சிறுநீரக ஆபத்தைக் கணிக்க 2013-இல் வெளிவந்த மக்மஹோன் மதிப்பெண் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதில் சி.கே. 40,000-ஐத் தாண்டினால்தான் 2 புள்ளி. காரணம் உடற்பயிற்சி, ஸ்டாட்டின், வலிப்பு, மயக்கம், தசை அழற்சி தவிர வேறெதுவாக இருந்தாலும் 3 புள்ளி. ஆக, எண்ணைவிடக் காரணத்துக்கு எடை அதிகம். கிரியேட்டினின், பாஸ்பேட், பைகார்பனேட், கால்சியம், வயது ஆகியவையும் கூடுகின்றன. பாஸ்பேட், கால்சியம், பைகார்பனேட் இயல்பாக இருந்தால் நம் பெண்ணுக்குப் பெண் என்பதற்காக 1 புள்ளி, அவ்வளவுதான். மொத்தம் 5-க்குக் கீழே இருந்தால் டயாலிசிஸ் அல்லது இறப்பு ஆபத்து சுமார் 3 சதவீதம்.

அவருக்குச் செய்ய வேண்டியது குறைவு. நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். சி.கே. இயல்பின் பத்து மடங்கைத் தாண்டியிருப்பதால் ஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்தலாம். மறுநாள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மீண்டும் பார்க்க வேண்டும். தைராய்டும் பார்த்துவிட வேண்டும். பிறகு வெள்ளிக்கிழமை மறுபடி சி.கே. கடும் பயிற்சிக்குப் பின் சி.கே. நாலைந்து நாள் வரைகூட ஏறலாம், அதன் பின் ஏறத்தாழ 36 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே வெள்ளியன்று பாதியாகவில்லையே என்று பதற வேண்டாம். அடுத்த செவ்வாய்க்குள் சில ஆயிரங்களுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கினால் கதை முடிந்தது, இயல்பானதும் ஸ்டாட்டினைத் திரும்பத் தொடங்கலாம். இறங்காவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

இப்போது இரண்டாவது கற்பனை நோயாளி. 68 வயது ஆண், அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி., முன்பு கிரியேட்டினின் 1.3. இடுப்பில் படர்தாமரைக்காக மூன்று வாரமாக இட்ராகொனசோல். மலை ஏறவில்லை. தரையிலிருந்து எழ முடியவில்லை, சிறுநீர் கருத்துவிட்டது என்கிறார். சி.கே. 12,000, அந்தப் பெண்ணைவிடக் குறைவு. ஆனால் கிரியேட்டினின் 2.4, பொட்டாசியம் 5.8, பாஸ்பேட் 5.6, பைகார்பனேட் 17. வயதுக்கு 1.5, கிரியேட்டினினுக்கு 3, பாஸ்பேட்டுக்கு 3, பைகார்பனேட்டுக்கு 2, ஆக 9.5. இவரை உடனே சேர்த்து, ஈ.சி.ஜி. எடுத்து, சலைன் ஏற்றி மணிக்கு 200 முதல் 300 மி.லி. சிறுநீர் போகும்படி பார்க்க வேண்டும். சிறுநீர் போகாமல் இருப்பவருக்கு அதே வேகத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் தண்ணீர் சேரும். அந்த நிலையில் டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு, அது திருப்பதி ஸ்விம்ஸாக இருந்தாலும் வேலூர் சி.எம்.சி.யாக இருந்தாலும், தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். கால்சியம் குறைந்திருப்பதை, டெட்டனி அல்லது பொட்டாசியத்தால் ஈ.சி.ஜி. மாற்றம் இல்லாவிட்டால், ஊசியால் நிரப்ப வேண்டாம். மீட்சியின்போது அது தசையிலிருந்து வெளியேறி அதிகமாகும்.

இவருக்கு நேர்ந்தது படர்தாமரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தனித்தனி மருத்துவர் எழுதியதால். இட்ராகொனசோல் அட்டோர்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் கல்லீரலில் உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. ஸ்டாட்டின் உடலில் தங்கிவிடுகிறது. சிம்வாஸ்டாட்டினுடன் இட்ராகொனசோல் கொடுக்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் கூடாது என்கிறது அமெரிக்க உரிமக் குறிப்பு. கிளாரித்ரோமைசினும் இதே வகை. ரோசுவாஸ்டாட்டின் இந்த நொதியை நம்புவதில்லை. நம் பகுதியில் தோல் பூஞ்சைத் தொற்று இப்போது மாதக்கணக்கில் சிகிச்சை கேட்கிறது. அந்தச் சீட்டுகளில் ஸ்டாட்டின் உண்டா என்று யார் கேட்கிறார்கள்?

சிறுநீரைப் பற்றி ஒன்று. டிப்ஸ்டிக் ரத்தம் என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லை என்றால் அது மயோகுளோபினாக இருக்கலாம். ஆனால் அது சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. மூன்றாம் நாள் தெளிவான சிறுநீரை நம்பி கிரியேட்டினினைப் பார்க்காமல் விடக் கூடாது. வீங்கிய தொடை கல் போல் இறுகி, முழங்காலை மடக்கினாலே தாங்க முடியாத வலி என்றால், சி.கே.க்குக் காத்திராமல் அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு வகை அரிது, ஆனால் தவறவிட்டால் தசை போய்விடும். ஸ்டாட்டினை நிறுத்தி வாரங்களாகியும் சி.கே. ஆயிரங்களிலேயே நின்று, தோளும் இடுப்பும் பலவீனமாகிக்கொண்டே போனால், எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் எதிர்ப்புப் பொருள் பார்க்க வேண்டும். இந்த நோய்க்கு எதிர்ப்புச்சக்தியை அடக்கும் சிகிச்சை தேவை. மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது போதாது.

வலி மட்டும், சி.கே. இயல்பு என்றால் ஸ்டாட்டின் மீது பழி போட அவசரம் வேண்டாம். 2022-இல் வெளிவந்த பெரும் தொகுப்பாய்வில் ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதமும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதமும் தசைவலி சொன்னார்கள்.

ஆய்வகங்களுக்கும் நமக்கும் ஒரு கோரிக்கை. சி.கே. கேட்கும் சீட்டில் கடைசியாகக் கடும் உழைப்போ மலையேற்றமோ எந்த நாளில் என்பதையும், எடுத்துவரும் ஸ்டாட்டினின் பெயரையும், கடந்த ஒரு மாதத்தில் தொடங்கிய மாத்திரைகளையும் எழுதி அனுப்புங்கள். சி.கே. 5,000-ஐத் தாண்டிய ரத்த மாதிரியில், மருத்துவர் கேட்காவிட்டாலும், கிரியேட்டினினும் பொட்டாசியமும் அன்றே பார்த்துத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.